பண்டிகை நேரத்தில் ஓரிரவு வட்டி ஏறுவது ஏன்?

"தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மக்கள் எடுக்கும் பணம் ஊருக்குள்ளேதானே சுற்றுகிறது? பிறகு வங்கிகளுக்கு ஏன் தட்டுப்பாடு? சேலத்தில் கடை வைத்திருக்கும் எனக்கு இது புரியவில்லை."

ஊரில் பணம் குறைவதில்லை. ரிசர்வ் வங்கியில் வங்கிகள் வைத்திருக்கும் கணக்கின் இருப்பே குறைகிறது. ஏற்காட்டுத் தோட்டம் ஒன்று காப்பிப்பழம் பறிப்போர் கூலிக்காக 10 லட்சம் ரூபாய் எடுக்கிறது என்று கொள்வோம். அதற்காக வங்கிக்கிளை, ரிசர்வ் வங்கியின் நோட்டுகள் வைக்கப்படும் நாணயப் பெட்டகத்திலிருந்து நோட்டுகளைப் பெற்றதும், அந்த வங்கியின் ரிசர்வ் வங்கிக் கணக்கில் 10 லட்சம் கழிக்கப்படும். கூலி சந்தையில் செலவாகி, வியாபாரிகளின் வைப்பாகத் திரும்பிப் பெட்டகத்தை அடையும்போதுதான் அது மீண்டும் வரவாகும்.

இடைப்பட்ட வாரங்களில் வங்கிகள் ஒன்றிடம் ஒன்று ஓரிரவுக் கடன் தேடுவதால் வட்டி ஏறுகிறது. பணம் எப்படியும் திரும்பும் என்பதால், ரிசர்வ் வங்கி பத்திரங்களை நிரந்தரமாக வாங்காமல், அவற்றை அடகாகப் பெற்று, வட்டி ஏலத்தில் முடிவாகும் மாறும் வட்டி ரெப்போவில் சில நாட்களுக்கு மட்டும் கடன் தருவதே பொருத்தம் என்பது என் கருத்து. அதற்கும் மேல், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியைவிட 0.25 சதவீதப் புள்ளி கூடுதல் வட்டியில், அவசரத் தேவைக்கு வங்கிகள் அதனிடம் ஓரிரவுக்குப் பெறும் எம்.எஸ்.எஃப். கடன் உண்டு, ஆனால் அடகு வைக்க அரசுப் பத்திரம் வேண்டும்.

சரிபார்க்க, ரிசர்வ் வங்கியின் வாராந்திரப் புள்ளிவிவரத்தில் புழக்கத்திலுள்ள நோட்டுத் தொகையைப் பாருங்கள். அது உயராமல் வட்டி மட்டும் ஏறியிருந்தால் காரணம் பண்டிகையாக இருக்காது. மாதத்தின் 20ஆம் தேதியை ஒட்டிய ஜி.எஸ்.டி. செலுத்துதலும், வரிப்பணம் வங்கிகளிடமிருந்து ரிசர்வ் வங்கியிலுள்ள அரசுக் கணக்குக்குப் போவதால், இதே தட்டுப்பாட்டை உண்டாக்கும்.