போஷ் கமிட்டியில் சேர முடியாது என்று எப்படிச் சொல்வது?

"திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் மேனேஜராக இருக்கிறேன். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் போஷ் கமிட்டியில் உறுப்பினராகச் சேரச் சொல்லி எச்.ஆர். மேடம் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் வேலையை ஒருத்தியே பார்க்கிறேன், மார்ச் வந்தால் வீட்டுக்குப் போவதே பெரிய விஷயம். முடியாது என்றால் பெண்கள் விஷயத்தில் எனக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ? அக்கறை இருக்கிறது, நேரம்தான் இல்லை. என்ன பதில் சொல்வது?"

முடியாது என்றே சொல்லுங்கள், ஆனால் இந்த வாரமே சொல்லுங்கள். கமிட்டி அமைக்கும் ஆர்டரில் உங்கள் பெயர் ஏறுவதற்கு முன்னால் மறுத்தால் அது வெறும் பதில். ஏறிய பிறகு என்றால் ராஜினாமா, புது நியமனம், புது ஆர்டர் என்று எல்லோருக்கும் வேலை. அதற்குள் ஒரு புகார் வந்து, விசாரணையின் நடுவில் நீங்கள் விலகினால், பாதிக்கப்படுவது புகார் கொடுத்த பெண்தான்.

இந்தக் கமிட்டிக்கு எவ்வளவு நேரம் போகும் என்று முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் "பெயருக்கு இருந்தால் போதும் மேடம், வருஷத்துக்கு நாலு மீட்டிங்தான்" என்று உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள். புகார் எதுவும் வராத வருஷத்தில் அது உண்மைதான். வந்தால் கதை வேறு. இதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும், முடிந்த 10 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். புகார் மார்ச் 10 அன்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வேலை நாளுக்குள் அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும், அவர் பதில் தர பத்து வேலை நாள், அதற்கே ஏப்ரல் வந்துவிடும். அப்புறம் இரு தரப்பையும் கேட்பது, சாட்சிகள், ஒவ்வொரு உட்காரலுக்கும் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குவது என்று ஜூன் 8 வரை ஓடும். உங்கள் இயர் எண்டிங், ஆடிட், கடைசிக் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் எல்லாம் சரியாக அதே நாட்களில்தான் வருகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. விசாரணைக்குத் தலைவரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் உட்கார வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளில் கமிட்டியே நான்கு பேர்தான்: தலைவர், ஊழியர் இருவர், வெளி உறுப்பினர் ஒருவர். நீங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்திருக்கும் அன்று வெளி உறுப்பினருக்கும் வேறு வேலை வந்தால் மிஞ்சுவது இரண்டு பேர், அன்றைக்கு விசாரணை கிடையாது. இரண்டு மூன்று தடவை இப்படித் தள்ளிப்போனால் 90 நாள் என்பது கையை விட்டுப் போய்விடும், பிறகு எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு வாதாடும். ஆக, பெயருக்கு இருக்கும் உறுப்பினரைவிட இல்லாத உறுப்பினர் மேல். இதை எச்.ஆரிடம் நேராகச் சொல்லலாம், இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது.

முதலில் மேடத்திடம் நேரில் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, அன்றைக்கே மெயில் போடுங்கள். ஆங்கிலத்தில் போட்டாலும் இந்த வரிசையில் இருந்தால் போதும்:

"மேடம், போஷ் கமிட்டியில் சேர என்னை நினைத்ததற்கு நன்றி. யோசித்துப் பார்த்தேன், இப்போது என்னால் ஏற்க முடியாது. மார்ச் முதல் ஜூன் வரை கணக்கு முடிப்பு, ஆடிட் இரண்டையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன். அந்த நேரத்தில் புகார் வந்தால் விசாரணைக்கு உட்கார முடியாமல் போகும், அது புகார்தாரருக்குச் செய்யும் அநியாயம். உறுப்பினராக இல்லாமலே இரண்டு வேலைகளை நான் எடுத்துக்கொள்கிறேன், கீழே எழுதியிருக்கிறேன். இந்த இடத்துக்கு வேறொருவரை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

"முயற்சி செய்கிறேன்", "பார்க்கலாம்" இரண்டும் இதில் வேண்டாம். நம் ஆபீஸ்களில் அதற்குச் சம்மதம் என்றுதான் பொருள், மறுநாள் நோட்டீஸ் போர்டில் உங்கள் பெயர் இருக்கும். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பையனுக்குப் பரீட்சை என்று காரணங்களை அடுக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வழி சொல்வார், கடைசியில் மறுக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. "அடுத்த வருஷம் சேர்கிறேன்" என்பதும் அப்படித்தான். உறுப்பினர் பதவி மூன்று வருஷம் வரை போகும், அதாவது மூன்று மார்ச். கூடுதல் ஆள் எடுப்பது உறுதியாகி, தேதியும் தெரிந்தால் மட்டும் அந்த வாக்குறுதியைக் கொடுங்கள்.

அக்கறை தெரிவது அந்த இரண்டு வேலைகளில்தான், அதனால் உங்கள் நாற்காலியில் இருந்து மட்டுமே செய்யக்கூடியதாகப் பாருங்கள். சம்பளப் பட்டியல் உங்கள் கையைத் தாண்டித்தான் போகிறது என்றால், கமிட்டிக்கு உங்களைவிட உதவக்கூடியவர் அந்தக் கம்பெனியில் யாருமில்லை. விசாரணை நடக்கும்போது புகார்தாரருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரக் கமிட்டி பரிந்துரைக்கலாம். அது அவருக்கு ஏற்கெனவே உள்ள விடுப்புக்கு மேல் தரப்படுவது. இது தெரியாத பேரோல் கிளார்க் அதை இருப்பில் உள்ள விடுப்பில் கழிப்பார், இல்லையென்றால் சம்பளத்தைப் பிடிப்பார். அதேபோல் இழப்பீடு தரச் சொன்னால் எதிர்த்தரப்பின் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க வேண்டி வரும். வவுச்சரில் அதன் விவரத்தை அப்படியே எழுதி, புகார்தாரர் பெயரையும் போட்டுவிட்டால், கணக்குப் பிரிவு முழுக்கத் தெரிந்துவிடும், ஆடிட்டர் வரை போகும். புகார்தாரர் யார் என்பதை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பெயர் வராமல் இதை எப்படிப் பதிவது, எந்தக் கோப்பில் பூட்டி வைப்பது, யார் பார்க்கலாம் என்று ஒரு பக்கத்தில் நடைமுறை எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஓர் உட்காரலில் முடியும் வேலை, நேரத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பணம். வெளி உறுப்பினரின் கட்டணம், ஊழியர்களுக்கான பயிற்சி, கமிட்டி உறுப்பினர் பெயர்களும் தண்டனை விவரமும் உள்ள அறிவிப்பைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடிக்கிற செலவு, இவற்றுக்குப் பட்ஜெட்டில் தனி வரி போட்டு, பில்லை மேஜையில் தூங்கவிடாமல் பாஸ் செய்வது. வெளி உறுப்பினருக்குப் பணம் மாசக்கணக்கில் இழுபட்டால் அடுத்த முறை அவர் வருவாரா?

தர முன்வரக் கூடாத உதவி ஒன்று இருக்கிறது. "புகார் வந்தால் என்னிடம் காட்டுங்கள், யோசனை சொல்கிறேன்" என்று நல்ல மனசோடு சொல்லிவிடாதீர்கள். உறுப்பினர் அல்லாதவர் கையில் புகார்க் காகிதம் வருவதே ரகசிய மீறல்.

உங்களுக்குப் பதிலாக யார் என்று கேட்டால், அந்த ஆளிடம் முதலில் கேட்டுவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். ஒருவேளை உங்களைத் தலைவராகப் போட நினைத்து, "சீனியர் லேடி வேறு யாருமில்லை" என்றால், அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது: அதே நிறுவனத்தின் வேறு அலுவலகத்தில், வேறு யூனிட்டில் இருக்கும் மூத்த பெண் ஊழியரை நியமிக்கலாம். இத்தனைக்குப் பிறகும் பெயரைப் போட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள் என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள், முதல் மெயிலையே மேலே வைத்து, "இந்த நியமனத்தை நான் ஏற்கவில்லை, திருத்திய ஆர்டர் தேவை" என்று அன்றைக்கே எழுதி, கமிட்டித் தலைவருக்கும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள்.