கூரை ஒன்று, அடுப்பு ஐந்து

அன்புள்ள ஐயா,

நான் சமூகவியலில் பி.எச்டி. செய்கிறேன். செட்டிநாட்டு வீடுகளும் கூட்டுக்குடும்பமும்தான் தலைப்பு. இரண்டாம் அத்தியாயத்தை, அதாவது லிட்ரேச்சர் ரிவ்யூவை, நாற்பத்தைந்து பக்கம் எழுதிக் கொடுத்தேன். கைடு அதைத் திருப்பித் தந்துவிட்டார். ஓரத்தில் "டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கு, விவாதம் எங்கே?" என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு புத்தகத்தையும் ஒழுங்காகப் படித்துத்தான் சுருக்கியிருக்கிறேன். விவாதமாக எழுதுவது என்றால் என்ன, வரிசையை மாற்றிப் போட வேண்டுமா? ஐந்து பக்கம் இணைத்திருக்கிறேன்.

எஸ்., தேவகோட்டை

அன்புள்ள எஸ்.,

ஐந்து பக்கத்தையும் படித்தேன். கைடு கொஞ்சம் நயமாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் டைரக்டரி என்பது பொருத்தமான சொல்தான். பதினோரு பத்தி இருக்கிறது, பதினொன்றும் ஓர் ஆளின் பெயரில் தொடங்கி "என்று குறிப்பிடுகிறார்" என்று முடிகிறது. கார்வேக்கு ஒரு பத்தி, தேசாய்க்கு ஒன்று, கோலெண்டாவுக்கு ஒன்று, ஷாவுக்கு ஒன்று. பந்தியில் இலை போட்ட மாதிரி ஆளுக்கு ஒன்று சமமாக விழுந்திருக்கிறது. பிரிண்ட் எடுத்து, பத்தி பத்தியாகக் கத்தரித்து, சீட்டுக் கலைப்பதுபோல் கலைத்து மறுபடி ஒட்டிப் பார்த்தேன் (ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது). எதுவும் கெடவில்லை, எந்தப் பத்தியும் முந்தைய பத்தியைத் தேடவில்லை.

ஆகவே வரிசையை மாற்றினால் தீராது. ஆண்டு வரிசையில் போட்டாலும் "தொழில்மயமும் குடும்பமும்", "சாதியும் குடும்பமும்" என்று துணைத்தலைப்பு கொடுத்து அடுக்கினாலும் அது அலமாரி மாற்றுகிற வேலைதான். மாற வேண்டியது நீங்கள் எடுக்கிற குறிப்பு. இப்போது ஒவ்வொரு புத்தகத்திடமும் "நீ என்ன சொல்கிறாய்" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் மூன்றைக் கேளுங்கள்: யாருக்குப் பதில் சொல்கிறாய்? குடும்பம் என்று எதை எண்ணுகிறாய்? எதைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாய்? ஒரு லாங் சைஸ் நோட்டில் மூன்று கட்டமாக நெடுக்கே கோடு போட்டு, உங்கள் பதினோரு பேரையும் எழுதினால் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

நான் உங்கள் ஆட்களில் நாலைந்து பேரை வைத்துச் செய்து பார்த்தேன். 1951 சென்சஸ் அறிக்கை சின்னக் குடித்தனங்கள் ஏராளமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பழைய வழக்கப்படி ஜனங்கள் கூட்டாக இருப்பதில்லை என்கிறது. வில்லியம் கூட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1963இல் உலகம் முழுக்கவே தொழில்மயம் ஆக ஆகக் குடும்பம் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற வடிவத்தை நோக்கி நகர்கிறது என்கிறார். ஐ.பி. தேசாய் குஜராத்தின் மஹுவா என்ற ஊரை ஆராய்ந்து 1964இல் எழுதியது இந்த வகைப் பேச்சுக்குப் பதில்: கூரையை எண்ணிக் குடும்பத்தை அளக்காதீர்கள், தனியாகக் குடியிருக்கிறவனும் சொத்தாலும் கடமையாலும் அண்ணன் தம்பியோடு கூட்டாகவே இருக்கலாம். ஏ.எம். ஷா 1973இல் இன்னொரு இடத்தில் கை வைக்கிறார். குடும்பம் வேறு, ஒன்றாகக் குடியிருக்கும் குடித்தனம் வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள்; அப்புறம், முன்பு எல்லோரும் பெரிய கூட்டுக் குடித்தனமாக இருந்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி? அதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் கிராமப் பதிவேடு வரைக்கும் போகிறார்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் நடுவில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். உடைகிறது என்பவர்கள் இந்தப் பக்கம், உடையவில்லை என்பவர்கள் அந்தப் பக்கம், ஆகத் தேசாயும் ஷாவும் ஒரே கட்சி. நோட்டின் இரண்டாம் கட்டத்தை, குடும்பம் என்று எதை எண்ணுகிறாய் என்பதைப் பாருங்கள். தேசாய் குடும்பம் என்ற சொல்லை அகலமாக்கித் தப்பிக்கிறார், ஷா அதை இறுக்கிப் பிடித்துக் கேள்வி கேட்கிறார். எதிராளி ஒருவராக இருக்கலாம், போகிற வழி நேர் எதிர். உங்கள் அத்தியாயத்துக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது, "சிலர் ஆம் என்கிறார்கள், வேறு சிலர் இல்லை என்கிறார்கள்" என்று எழுதினால் அது போய்விடும்.

அடுத்து ஒரு சோதனை. சண்டை போடுகிற இரண்டு பேரையும் ஒரே வீட்டுக்கு அழைத்துப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பது அதே காட்சி, ஆனால் வேறு வேறு பெயர் வைக்கிறார்கள் என்றால் அவர்கள் சண்டை சொல்லைப் பற்றியது. பத்து வருஷம் கழித்து அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதில் வேறுபட்டால்தான் அது உண்மை நிலையைப் பற்றிய சண்டை. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் குழைத்தால் படிக்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது.

அந்த வீட்டுக்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். காரைக்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு, முகப்பு தாண்டி வளவு என்கிற நடுமுற்றம், வளவைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக்கும் அறை, பின்கட்டில் அடுப்படி. அங்கே ஓர் ஆச்சியிடம் விளையாட்டாகக் கேட்டேன், "ஒரே குடும்பம்தானே ஆச்சி?" என்று. "வீடு ஒண்ணுதான் தம்பி, அடுப்பு அஞ்சு" என்றார். முன்னோருக்குச் செய்கிற படைப்பு ஒன்றாக நடக்கிறது, வீடு பொது, அரிசியும் பணமும் அவரவருடையது.

உங்கள் ஆட்களை இந்த வளவில் உட்கார வையுங்கள். ஒரே கூரை, ஒரே அடுப்புச் சோறு, பொதுச் சொத்து, பொது வழிபாடு, இரத்த உறவு என்பது 1953இல் ஐராவதி கார்வே சொன்ன கூட்டுக்குடும்ப இலக்கணம். அவர் கணக்கில் இந்த வீடு பாதி தேறுகிறது, அடுப்பில் தோற்றுவிடுகிறது. பொதுச் சமையலை வைத்து எண்ணுகிற சென்சஸ்காரருக்கு இது ஐந்து குடித்தனம். தேசாய்க்கு இது கூட்டுக்குடும்பம், சந்தேகமே இல்லை. ஷா முதலில் "இந்த ஐந்து அடுப்பு எப்போதிலிருந்து?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்கு உங்கள் கையிலேயே பதில் இருக்கிறது, ஒன்பதாம் பத்தியில் யாரும் கவனிக்காமல் கிடக்கிறது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுப்பு, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தனிச் சமையல் என்பது வழக்கம் என்று பதிவு செய்திருக்கிறது. நம் பக்கம் "வேறு வைக்கிறது" என்கிறோமே, அதுதான். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி, கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். ஆக அடுப்பு பிரிந்தால் குடும்பம் உடைகிறது என்று வைத்துக்கொண்டு வந்த அளவுகோல் இங்கே பழுதாகிறது. இங்கே அடுப்பைப் பிரிப்பது வழக்கத்தின் ஒரு பகுதி, அதுவும் சென்சஸ் கவலைப்படுவதற்கு நாற்பது வருஷம் முன்பே எழுத்தில் இருக்கிற வழக்கம்.

இப்போது அதே சரக்கில் ஒரு பத்தி எழுதிப் பார்க்கிறேன், நடை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

"கூட்டுக்குடும்பம் குறைகிறதா என்ற கேள்விக்கு விடை, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பொதுச் சமையலை எண்ணிய 1951 சென்சஸ் குறைகிறது என்றது. சொத்தையும் கடமையையும் எண்ணிய தேசாய் (1964) அதை மறுத்தார். இருவருமே முன்பு கூட்டு இருந்தது என்பதைக் கேள்வி கேட்கவில்லை. அதைக் கேட்டவர் ஷா (1973). ஆனால் பிரிந்த அடுப்பு எதைக் காட்டுகிறது என்பது எல்லாச் சாதிக்கும் ஊருக்கும் ஒன்றல்ல. திருமணத்தோடு அடுப்பைப் பிரிப்பதே மரபாக உள்ள நகரத்தார் வீடுகளில் (தர்ஸ்டன் 1909) அடுப்பின் எண்ணிக்கை கூட்டின் சிதைவை அளக்காது."

ஏழு வாக்கியத்தில் மூன்று பேரும் ஒரு சென்சஸும் வந்துவிட்டார்கள், முதல் வாக்கியத்தில் ஆள் பெயரே இல்லை. ஷா இங்கே ஒரு வரிதான். வீட்டின் பழைய நிலையைப் பேசும் அடுத்த பிரிவில் அவருக்கு ஒரு பக்கம் கொடுங்கள். கோலெண்டாவும் அங்கே வரட்டும், 1968இல் பல ஊர் ஆய்வுகளை ஒப்பிட்டு, வட்டாரத்துக்கும் சாதிக்கும் ஏற்ப இது மாறும் என்று காட்டியவர் அவர்தான். ஒருவரே மூன்று இடத்தில் வரலாம், ஒருவர் அரை வரியில் போகலாம், சிலர் வராமலே போகலாம். படித்ததையெல்லாம் காட்டியாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாற்பத்தைந்து பக்கம் இருபதுக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். நாலாம் பக்கத்தில் கூட் பத்தி முடிந்ததும் "இதற்கு மாறாக ரட்னர் (1994)" என்று தொடங்கியிருக்கிறீர்கள். நகரத்தார் வணிகத்தைப் பற்றி எழுதிய ரட்னர், வில்லியம் கூட் என்பவரோடு சண்டை போடவே இல்லை. அவருடைய கேள்வி சாதி முதலீட்டுக்குத் தடையா, தோள் கொடுத்ததா என்பது, அதில் அவருக்கு எதிரே நிற்பவர் மாக்ஸ் வெபர். இல்லாத சண்டையை மூட்டிவிடுவது டைரக்டரியைவிட மோசம். நானே இதில் அடிபட்டவன். என் எம்.பில். அத்தியாயத்தில் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி "மாறாக", "ஆயினும்" என்று அலங்காரமாக எழுதியிருந்தேன். வைவாவில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, இவங்க ரெண்டு பேரும் எந்த விஷயத்துல ஒத்துப்போகலைன்னு ஒரே வாக்கியத்துல சொல்லுங்க" என்றார். சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் ரிவ்யூவில் "மாறாக" என்ற சொல்லைப் பார்த்தால் அந்த ஒற்றை வாக்கியத்தை ஓரத்தில் எழுதிப் பார்க்கிறேன். வரவில்லை என்றால் அடித்துவிடுவேன். அதற்காக ரட்னரைத் தூக்கிப் போட வேண்டாம், புள்ளியைக் கணக்கின் அலகாக விளக்குகிற இடத்தில் அவர் தேவைப்படுவார்.

அதேபோல் "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். நிஷிமுராவின் 1998 புத்தகம் நகரத்தார் பெண்கள், உறவுமுறை, சொத்துரிமை பற்றியதுதானே, உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. இடைவெளி என்பது காலி நிலம் இல்லை. முன்னால் பேசியவர்களில் பலர் அடுப்பை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள், இந்த ஊரில் அது எதை அளக்கிறது என்பதே என் கேள்வி என்று எழுதினால் நீங்கள் நிற்கிற இடம் தெரிந்துவிடும். ஆனால் எல்லையையும் சொல்லுங்கள். இன்று பாதி வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கிறது. அந்த வீட்டில் அடுப்பு எத்தனை என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை, அங்கே தேசாய் சொன்ன சொத்தும் கடமையும் மறுபடி உள்ளே வரும். அதற்குத் தனிப் பிரிவு வேண்டும்.

திருத்தி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித் தாளில் எழுதி வரிசையாக வாசித்துப் பாருங்கள். ஒரு வழக்கு நகர்வதுபோல் இருந்தால் சரி. பெயர்ப் பட்டியலாக இருந்தால் இன்னும் நோட்டுக்குத் திரும்ப வேண்டும். அப்புறம், தர்ஸ்டனைச் சென்சஸுக்கும் தேசாய்க்கும் பின்னால் வைத்தால் ஆண்டு வரிசை தப்புமே என்று யாராவது கேட்டால் தப்பட்டும் என்று விட்டுவிடுங்கள்.