ஐசோபோலோகிராமில் சினெர்ஜியை எப்படி அடையாளம் காண்பது?

"இரண்டு மருந்து சேர்ந்தால் கூட்டு விளைவா, சினெர்ஜியா, எதிர்விளைவா? ஐசோபோலோகிராம் படத்தில் அது எப்படித் தெரியும்?"

ஒரே பலனைத் தர இரண்டு மருந்தும் எந்தெந்த அளவில் வேண்டும் என்று காட்டும் வரைபடமே ஐசோபோலோகிராம். எதிர்பார்த்த அளவு பலன் கிடைத்தால் கூட்டு விளைவு, அதை மிஞ்சினால் சினெர்ஜி, குறைந்தால் எதிர்விளைவு.

ஒரு கற்பனைக் கணக்கு: பாதிப் பலனுக்குத் தனியாக 'அ' 10 மி.கி., 'ஆ' 40 மி.கி. வேண்டும். கிடை அச்சில் 10, செங்குத்து அச்சில் 40 குறித்து நேர்கோட்டால் இணையுங்கள். பத்து ரூபாய்த் தாளுக்குச் சில்லறை மாற்றுவதுபோல, 1 மி.கி. 'அ'வுக்கு 4 மி.கி. 'ஆ' ஈடு என்பதே அந்தக் கோடு. 5+20 அதன் மேலேயே விழும்: கூட்டு விளைவு.

அதே பாதிப் பலனுக்கு 2+8 போதுமென்றால் புள்ளி கோட்டுக்குக் கீழே, பூஜ்யத்தின் பக்கம் விழும்: சினெர்ஜி. கணக்கிலும் சரிபார்க்கலாம்: 2/10 + 8/40 = 0.4, ஒன்றுக்குக் கீழ். 8+32 தேவைப்பட்டால் 1.6, புள்ளி கோட்டுக்கு மேலே, எதிர்விளைவு. அளவீட்டுப் பிழை எப்போதும் உண்டு, அதனால் 0.95-ஐப் பார்த்துச் சினெர்ஜி என்று சொல்லிவிடக் கூடாது.

நிஜ உதாரணம்: ட்ரைமெத்தோப்ரிம், சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற இரண்டு மருந்துகளும் பாக்டீரியா ஃபோலேட் தயாரிக்கும் வழியின் வெவ்வேறு படிகளை அடைப்பதால் சினெர்ஜி தருகின்றன.

தனித்தனியாகக் கொடுத்ததைவிடக் கூடுதல் பலன் கிடைத்தாலே சினெர்ஜி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கூடுதல் வெறும் கூட்டு விளைவிலும் வரும்.