ஐபிஎன்ஆர் ஒதுக்கீடும் ஆக்சுவரியின் சான்றிதழும்: தணிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆக்சுவரி கையொப்பமிட்ட சான்றிதழ் கோப்பில் இருக்கிறது. ஐபிஎன்ஆர் தொகைக்கு அது போதாதா?

போதாது. ஐபிஎன்ஆர் என்பது, இழப்பு நேர்ந்தும் இன்னும் தகவல் வராத கோரிக்கைகளுக்காகக் காப்பீட்டு நிறுவனம் வைக்கும் ஒதுக்கீடு. அதைக் கணிக்க நிறுவனம் அமர்த்திய கணிப்பாளரான ஆக்சுவரி, நிர்வாகத்தின் வல்லுநர். அவருடைய தகுதியையும் சார்பின்மையையும் எடைபோட்டு, அவர் செய்த வேலையைப் புரிந்துகொண்டு, அது நமக்குச் சான்றாகப் பொருந்துமா என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 500. அவர் கையில் கொடுக்கப்பட்ட தரவு முழுமையானதா என்பதைப் பார்ப்பதும் நம் பொறுப்பு. தரவை முதலில் பாருங்கள்; சூத்திரத்துக்குப் பிறகு வரலாம்.

கேள்வி: ஆள் பற்றாக்குறையால் ஆண்டின் கடைசி மாதங்களில் கோரிக்கைகளைப் பதிவு செய்வது தாமதமானது. ஆனாலும் ஐபிஎன்ஆர் சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது. நல்ல அறிகுறிதானே?

இல்லை, இதுதான் ஆபத்தான அறிகுறி. ஓர் ஆண்டில் நேர்ந்த இழப்புகளின் இறுதித் தொகை 100 கோடி என்றும், அதில் 60 கோடி அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாகிவிடுவது வழக்கம் என்றும் கொள்வோம். ஆக்சுவரிகள் கையாளும் செயின் லேடர் முறை இந்த வழக்கத்தைத்தான், ஒவ்வோர் ஆண்டின் இழப்பும் காலப்போக்கில் எவ்வளவு பதிவானது என்று காட்டும் முக்கோண அட்டவணையிலிருந்து கற்றுக்கொள்கிறது. பதிவான தொகையை 60ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் இறுதித் தொகை கிடைக்கும். சாதாரண ஆண்டில் ஐபிஎன்ஆர் 40 கோடி.

இவ்வாண்டும் இழப்பு அதே 100 கோடிதான். ஆனால் தேக்கத்தால் 48 கோடிதான் பதிவாகியிருக்கிறது. கணக்கு இறுதித் தொகையை 80 கோடி என்று காட்டும். பதிவான 48 போக ஐபிஎன்ஆர் 32 கோடி. உண்மையில் தேவைப்படுவது 52 கோடி. சாதாரண ஆண்டின் 40 கோடியைவிட 12 கோடி உயர வேண்டிய ஒதுக்கீடு 8 கோடி குறைகிறது. கணக்கில் பிழை எதுவும் இல்லாததால், அதை எத்தனை முறை மறுகணக்கிட்டாலும் குறை தெரியாது.

கோரிக்கைப் பிரிவுக்கு நேரில் சென்றால்தான் தெரியும். நான் தணிக்கை செய்த ஒரு நிறுவனத்தில், பெறப்பட்ட தேதி முத்திரையிட்ட கடிதங்கள், கோரிக்கை எண் எழுதப்படாமலே அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன. கணினியில் அவை இல்லை. ஆகவே முக்கோணத்திலும் இல்லை. ஒவ்வொரு மாதத்திலிருந்தும் 25 கோரிக்கைகளை எடுத்து, தகவல் வந்த தேதிக்கும் பதிவான தேதிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். ஆண்டு முடிந்தபின் இரண்டு மாதங்களில் பதிவாகி, ஆண்டு முடிவதற்கு முன்னரே இழப்பு நேர்ந்த கோரிக்கைகளையும் எடுத்து, சென்ற ஆண்டின் அதே இரண்டு மாதங்களோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: போர்ன்ஹுட்டர்-ஃபெர்குசன் முறைக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா?

பாதி தீரும். அந்த முறை எதிர்பார்த்த இறுதித் தொகையில் பதிவாகாத பங்கை ஐபிஎன்ஆர் ஆக எடுக்கிறது. எதிர்பார்ப்பு சரியாக 100 கோடியாகவே இருந்தாலும் 40 கோடிதான் வரும். பதிவான 48ஐச் சேர்த்தால் 88. இன்னும் 12 கோடி குறைகிறது. ஏனெனில் "நூற்றில் 60 பங்கு பதிவாகிவிட்டது" என்ற பழைய வழக்கத்தையே இந்த முறையும் நம்புகிறது.

கேள்வி: எங்கள் ஆக்சுவரி மிகுந்த அனுபவம் உள்ளவர். அவருடைய சான்றிதழையாவது அப்படியே ஏற்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும், அவருக்குக் கொடுக்கப்படாத கோரிக்கையை அவரால் எண்ண முடியாது.

கேள்வி: என் வாகன இழப்பீடு மூன்று மாதமாக வரவில்லை. இதுவும் ஐபிஎன்ஆர் தானா?

நீங்கள் தகவல் கொடுத்துவிட்டீர்கள். ஆகவே கொள்கையளவில் இல்லை. தாமதத்துக்கு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவை அணுகுங்கள்.

ஓர் ஆக்சுவரியின் மறுப்பு: அலமாரியில் கிடக்கும் கடிதங்கள் தகவல் வந்துவிட்ட கோரிக்கைகள். அது கோரிக்கைப் பிரிவின் தவறு; எங்கள் கணிப்பைக் குறை சொல்வது நியாயமா?

வகைப்பாட்டில் நீங்கள் சொல்வது சரி. அந்தக் கடிதங்களுக்குக் கோப்புவாரியாகத்தான் ஒதுக்கீடு வைக்க வேண்டும்; அவற்றைப் பதிவு செய்து முக்கோணத்தைத் திருத்தினால் பதிவான தொகை 48 ஆகக் குறையாமல், வழக்கமான 60 கோடியாகவே நிற்கும். ஆனால் பதிவாகும் வேகம் மாறியதா என்று நீங்கள் கோரிக்கைப் பிரிவிடம் கேட்டீர்களா, கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பதை உங்கள் அறிக்கையில் நான் தேடுவேன்.

அதே ஆக்சுவரி: கேட்டோம். "மாற்றமில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் சரிபார்ப்பது உங்கள் வேலை, எங்கள் வேலை அல்ல.

தேதிகளைச் சரிபார்ப்பது என் வேலைதான், அதில் வாதமில்லை. ஆனால் பதிவான கோரிக்கைகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டுகளைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பது உங்கள் முக்கோணத்திலேயே தெரியும்போது, அந்த ஒற்றை வரிப் பதிலோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாகாது என்பது என் கருத்து. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகவில்லை.