செயலியை நீக்கினால் சந்தா நிற்காது

கேள்வி: வணக்கம் மேடம். அம்மாவுக்குச் சர்க்கரை. உணவுக் கட்டுப்பாட்டுக்காக மார்ச் 3ஆம் தேதி ஒரு செயலியை என் போனில் போட்டேன். ‘7 நாள் இலவசம்’ என்று விளம்பரம். சரிபார்க்க 1 ரூபாய் கேட்டது, யுபிஐயில் கட்டினேன். அம்மாவின் சர்க்கரை அளவு, எடை, மாத்திரை எல்லாம் பதிந்தேன். பிடிக்கவில்லை, 6ஆம் தேதி செயலியை நீக்கிவிட்டேன். 10ஆம் தேதி மூன்று மாதச் சந்தா என்று கணக்கிலிருந்து 1,499 ரூபாய் போய்விட்டது. இப்போது இன்சூரன்ஸ், லேப் என்று தினமும் அழைப்பு. அம்மாவின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். நிறுவனமோ, “விதிமுறைகளை ஏற்றுக்கொண்டீர்களே” என்கிறது. அவற்றை இணைத்திருக்கிறேன். நான் எதற்குத்தான் ஒப்புக்கொண்டேன்? பணம் திரும்புமா? அம்மாவின் விவரங்களை அழிக்க வைக்க முடியுமா? – வாசகி, ஈரோடு

பதில்: முதலில் ஒரு வேலையை இன்றே முடித்துவிடுங்கள். ஜூன் 10ஆம் தேதி அடுத்த 1,499 ரூபாய் போகும். மார்ச் 3ஆம் தேதி 1 ரூபாய் கட்டிய அதே யுபிஐ செயலியைத் திறந்து, உங்கள் சுயவிவரப் படத்தைத் தொட்டு, AutoPay என்ற பகுதிக்குப் போங்கள். அந்த நிறுவனத்தின் பெயரில் ஓர் அனுமதி இருக்கும். அதில் உச்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் எழுதியிருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு ரத்து செய்யுங்கள். பின் எண் கேட்கும், போடுங்கள். தானியங்கிப் பிடித்தத்துக்குக் கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை.

நீங்கள் 3ஆம் தேதி பின் எண் போட்டது 1 ரூபாய்க்கு மட்டும் அல்ல, இந்த அனுமதிக்கும் சேர்த்துத்தான். செயலியைப் போனிலிருந்து நீக்கியபோது அந்த அனுமதி வங்கியில் அப்படியே இருந்தது, சந்தா ஒப்பந்தம் நிறுவனத்திடம் இருந்தது, அம்மாவின் விவரங்கள் அவர்களுடைய சர்வரில் இருந்தன. மூன்றையும் தனித்தனியாகத்தான் முடிக்க வேண்டும். கூகுள் பிளே வழியாகப் பணம் கட்டியவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் பிளே ஸ்டோரில் Subscriptions பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும், செயலியை நீக்கினால் போதாது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் யார் பெயரில் பணம் போயிருக்கிறது என்று பார்த்தால் எந்த வழி என்பது தெரிந்துவிடும்.

இனி விதிமுறைகளுக்கு வருவோம். நீங்கள் அனுப்பியதை முழுக்கப் படித்தேன். அதில் உங்களைத் தொடும் பத்திகள் நான்குதான்.

சந்தா பற்றிய பத்தி சொல்வது இது: இலவசக் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே ரத்து செய்யாவிட்டால் அது தானாகக் கட்டணச் சந்தாவாக மாறும்; ரத்து செய்யும் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்; ரத்து என்பது செயலியின் அமைப்புகளுக்குள் போய்ச் செய்வது மட்டுமே. ஆக, 7 நாள் என்று விளம்பரப்படுத்தியது நடைமுறையில் 6 நாள். அடுத்த பத்தி, எந்தச் சூழ்நிலையிலும் பணம் திரும்பத் தரப்படாது என்கிறது.

மூன்றாவது, விவரப் பகிர்வு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்கள் விவரங்களை மூன்று தரப்பிடம் பகிரலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஒன்று, குழும நிறுவனங்கள். இரண்டு, சேவை தருபவர்கள்; சர்வர் வாடகைக்குத் தருபவர், குறுஞ்செய்தி அனுப்பித் தருபவர் போன்றோர். இவர்கள் இல்லாமல் செயலி ஓடாது, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது, “உங்களுக்குப் பயன்படக்கூடிய சலுகைகளை வழங்கும் கூட்டாளிகள்”. இன்சூரன்ஸ்காரரும் லேப்காரரும் உள்ளே வருவதற்கான கதவு இந்தச் சொற்கள்தான். கூட்டாளிகள் யார், எத்தனை பேர், எந்த விவரம் போகும் என்று எங்கேயும் இல்லை. எந்தச் செயலியின் விதிமுறைகளானாலும் partners என்ற சொல்லைத் தேடி, அதைச் சுற்றியுள்ள வரிகளைப் படித்துவிடுங்கள். நாலாவது பத்தி, தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் பெங்களூருவில் ஒரு தனி நடுவர் முன்புதான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

இதில் எது எவ்வளவு தூரம் நிற்கும்?

நடுவர் பத்தி உங்களைக் கட்டாது. நடுவர் ஒப்பந்தம் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உறுதிசெய்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பெங்களூருவுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை, ஈரோடு போதும்.

பணத்துக்கு உங்களிடம் இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள். ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளை அவை தடை செய்கின்றன. அதில் ஒன்று சந்தாப் பொறி. இலவசச் சந்தாவுக்கே தானியங்கிப் பிடித்த அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பதும், ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பதும் அதற்குள் வருகின்றன. 1 ரூபாய் வாங்கினோம், அதனால் இலவசம் அல்ல என்று அவர்கள் வாதாடலாம். விளம்பரத்தில் இலவசம் என்று போட்டுவிட்டு அப்படிப் பேசுவது எடுபடுவது கடினம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் கிடைத்தால் அதுதான் உங்கள் முதல் ஆதாரம்.

இரண்டாவது, ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு தானியங்கிப் பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். அதில் நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் போனில் மார்ச் 8, 9 தேதிகளில் வந்த குறுஞ்செய்திகளையும், யுபிஐ செயலியின் அறிவிப்புகளையும், மின்னஞ்சலையும் தேடிப் பாருங்கள். அப்படி எதுவும் வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். தகவல் வந்து நீங்கள் கவனிக்கவில்லை என்றால் வங்கி மீது குற்றம் சொல்ல முடியாது. முதல் பிடியை வைத்துத்தான் பேச வேண்டும்.

விவரங்கள் விஷயத்தில் சட்டம் இப்போது இரண்டு படகுகளுக்கு நடுவே நிற்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெறும் வழி, யாரிடமெல்லாம் பகிர்ந்தார்கள் என்று பெயர் கேட்டு வாங்கும் உரிமை, கொடுத்தது போலவே சுலபமாக ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை எல்லாம் அதில் உண்டு. சேவைக்குத் தேவையில்லாத விவரத்துக்குச் சம்மதம் வாங்கினாலும் அது செல்லாது என்பதற்கு, தொடர்பு எண்களைக் கேட்கும் மருத்துவச் செயலியையே அந்தச் சட்டம் உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்த உரிமைகள் நடைமுறைக்கு வர அவற்றில் 18 மாத அவகாசம் கொடுத்திருப்பதால், 2027 மே வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்படி நிறுவனத்துக்கு அபராதம் உண்டு, உங்கள் கைக்கு இழப்பீடு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அதுவரை நமக்கு இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள். உடல்நிலை, மருத்துவக் குறிப்புகள் ஆகியவை அதில் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய கூருணர்வுத் தரவு; சர்க்கரை அளவும் மாத்திரைப் பெயரும் அதற்குள் வரும். அப்படிப்பட்ட தரவை வெளியாரிடம் கொடுக்க முன் அனுமதி வேண்டும், ஒப்பந்தத்திலேயே ஒத்துக்கொண்டிருந்தால் தவிர. அந்தத் ‘தவிர’வுக்காகத்தான் கூட்டாளிகள் பத்தியை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே விதிகள், விவரம் யாரிடம் போகப்போகிறது என்பதை வாங்கும்போதே தெரியப்படுத்தவும் சொல்கின்றன. பெயரில்லாத கூட்டாளிகள் என்று எழுதியது அதற்குப் போதாது என்பது என் கருத்து. இதோடு, நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் சட்டமும் சொல்கிறது. உங்களுக்கு உதவப்போவது இந்தப் பிரிவுதான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். போனும் பணமும் உங்களுடையவை, விவரம் அம்மாவுடையது. அழிக்கச் சொல்லும் கடிதம் அம்மாவின் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். பணத்தை நீங்கள் கட்டினாலும், உங்கள் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்திய அவரும் சட்டப்படி நுகர்வோர்தான். புகாரில் இருவர் பெயரையும் சேர்க்கலாம்.

கடிதம் அனுப்பும் வரை செயலியில் உள்ள கணக்கை அழித்துவிடாதீர்கள். கணக்கை அழித்துவிட்டுப் போனால், நீங்கள் யார் என்றே தெரியவில்லை என்று பதில் வரும். செயலியை மறுபடி போட்டு உள்ளே போய், பதிந்த விவரங்களையும் சந்தா நிலையையும் படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே சந்தாவையும் ரத்து செய்யுங்கள். யுபிஐ அனுமதியை மட்டும் ரத்து செய்தால் பணம் நிற்கும், ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, பாக்கி கட்டுங்கள் என்று நினைவூட்டல் வரலாம். அப்புறம் விதிமுறைகளின் கடைசியில் இருக்கும் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு இப்படி எழுதுங்கள்:

“மார்ச் 10 அன்று என் மகளின் கணக்கிலிருந்து பிடித்த 1,499 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். விவரப் பகிர்வுக்கான ஒப்புதலை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். எனது உடல்நல விவரங்கள் எந்த நிறுவனங்களிடம், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டன என்று பெயருடன் தெரிவியுங்கள். அவர்களிடமும் உங்களிடமும் உள்ளவற்றை அழித்துவிட்டு எழுத்தில் உறுதிசெய்யுங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய ரசீதுகள் இருந்தால் அவை எவை என்று சொல்லுங்கள்.”

தமிழிலேயே அனுப்பலாம். மின்வணிக விதிகள் 2020 படி, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். பதிலே வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். 1,499 ரூபாய் போன்ற தொகைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடுகின்றன. விவரங்கள் பற்றிய பதில்தான் இழுக்கும். ஏற்கெனவே வெளியே போன எண்ணை முழுக்கத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வரும் அழைப்புகளில் எந்த நிறுவனம், எண் யாரிடமிருந்து கிடைத்தது என்று கேட்டு, தேதி நேரத்தோடு குறித்துவையுங்கள். 1909இல் தொந்தரவு வேண்டாம் என்று பதிந்து, அதன் பிறகும் வந்தால் அழைப்பு வந்த 7 நாளுக்குள் அங்கேயே புகார் கொடுங்கள்.

1915இல் பதிந்தும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். e-Jagriti தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பணம் திரும்ப, மன உளைச்சலுக்கு இழப்பீடு, விவரங்களை அழித்ததற்கான உறுதிமொழி என மூன்றையும் ஒரே புகாரில் கேளுங்கள். மார்ச் 10இலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.