மெயிலைத் திறந்தாரா என்று எட்டிப் பார்த்து நான் பட்ட பாடு

கேள்வி: சின்னத் தொழில் ஒன்று நடத்துகிறேன். புது ஆட்களுக்கு அனுப்பும் அறிமுக மெயிலில், திறந்தார்களா என்று காட்டும் கண்காணிப்புப் படத்தை வைக்கலாமா? திறக்காதவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் தொடரலாமா?

நீங்களும் என்னைப் போல ஒரே ஆளாக எல்லா வேலையும் பார்ப்பவர் என்று நினைத்து எழுதுகிறேன். எனக்கு இலங்கையில், திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் ஆறு அறை விடுதி இருக்கிறது. மே தொடங்கிக் கடல் அடங்கினால் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை அனுப்புவேன்.

போன வருடம் பெப்ரவரியில் ஐரோப்பாவில் உள்ள 48 பயண முகவர்களுக்கு மெயில் போட்டேன். நான் பாவித்த சேவை ஒவ்வொரு மெயிலின் அடியிலும் இப்படி ஒன்றைத் தானாகவே செருகிவிடும்:

```
<img src="https://t.example.com/o/7f3a91.gif" width="1" height="1">
```

கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம். அந்த `7f3a91` ஆளுக்கு ஆள் வேறு. மெயிலைத் திறக்கும்போது மெயில் மென்பொருள் அந்தப் படத்தைச் சேவையின் கணினியிடம் கேட்கும். அப்படிக் கேட்டால், எந்த நேரம், எந்த ஐபி முகவரி, எந்த மென்பொருள் என்று அங்கே பதிவாகும். அதைத்தான் 'திறந்தார்' என்று நமக்குக் காட்டுகிறார்கள். படத்தைக் கேட்டது மனிதனா இயந்திரமா என்பது அந்தக் கணக்கில் வராது.

31 பேர் திறந்ததாகக் காட்டியது. மற்ற 17 பேரையும் பட்டியலிலிருந்து வெட்டினேன். ஒரு அம்மையாருக்கு நேரே ஐந்து தடவை என்று இருந்தது. சந்தோஷத்தில், "என் மெயிலைப் பலமுறை பார்த்திருக்கிறீர்கள், ஏதும் விளக்கம் வேண்டுமா?" என்று எழுதிவிட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது. அந்த மெயிலை அன்றைக்குத்தான் முதன்முதல் வாசித்தாராம். "நான் எப்போது எதை வாசிக்கிறேன் என்று பார்க்க உமக்கு யார் அனுமதி தந்தது?" என்று கேட்டிருந்தார். முகம் சுருங்கிப் போனது. அடுத்த வீட்டுக் கிடுகு வேலியை விலக்கிப் பார்த்துப் பிடிபட்டது போல இருந்தது.

அப்புறம்தான் அண்ணாவின் மகளைக் கூப்பிட்டுப் பதிவுகளை இறக்கிப் பார்த்தோம். அந்த 31இல் 19க்கு மென்பொருள் பெயர் வெறும் `Mozilla/5.0`, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அது ஆப்பிள். 2021 செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 15 முதல், ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை ஆப்பிளே இடைச் சேவையகம் வழியாக முன்கூட்டி இறக்கிவிடும். அம்மையாரும் இந்த 19க்குள்தான். ஏழில் `GoogleImageProxy` என்று இருந்தது. அது ஜிமெயில். பெரும்பாலும் ஆள் திறந்துதான் இருப்பார், ஆனால் ஐபி கூகுளுடையது, ஊர் தெரியாது. மூன்று, மெயில் போய்ச் சேர்ந்த சில வினாடிகளுக்குள் திறந்து, உள்ளே இருந்த எல்லா இணைப்புகளையும் அமுக்கியிருந்தன. நிறுவனங்களின் பாதுகாப்புச் சோதனை மென்பொருள் செய்கிற வேலை அது. உறுதியாக மனிதர் என்று சொல்லக்கூடியவை மிச்சம் இரண்டு.

வெட்டின 17 பேரில் ஒருவர் ஜூன் மாதம் நேரில் வந்து இறங்கினார். என் மெயிலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார்! அவருடைய மெயில் மென்பொருள் வெளிப்படங்களைத் தடுத்து வைத்திருக்கிறது. எழுத்தை வாசிக்கப் படம் எதற்கு? நான் இன்னொரு மெயில் போட்டிருந்தால் ஏப்ரலிலேயே பேசி முடித்திருக்கலாம் என்றார்.

பெரிய பட்டியலுக்குச் செய்திமடல் அனுப்புபவர்கள், வாசிக்காத ஆட்களை நீக்காவிட்டால் மெயில் ஸ்பாமுக்குப் போகும் என்று சண்டைக்கு வருவார்கள். சரி, அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அந்த நீக்கத்தையும் அந்த 19 போல நம்ப முடியாத திறப்புகளை வைத்தா செய்வது? பதில் தந்தாரா, தன் விருப்பத்தில் ஏதும் பதிவு செய்தாரா என்று பாருங்கள். முகவரி தவறு என்று திரும்பி வரும் மெயிலை உடனே நீக்குங்கள். அதற்கெல்லாம் எந்தப் படமும் தேவையில்லை.

நான் இப்போது அனுப்புவது வெறும் எழுத்து மெயில். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேட்பேன்: ஜூலையில் ஆட்கள் அனுப்புவீர்களா, இல்லையா? பதில் வராத எல்லோருக்கும், திறந்தாரோ இல்லையோ, எட்டு நாள் கழித்து ஒன்று. அதோடு நிறுத்திவிடுவேன். வேண்டாம் என்றவரை அன்றைக்கே எடுத்துவிடுவேன்.

கண்காணிப்பை அமைப்புகளுக்குள் தேடிப் பிடித்து அணைக்க எனக்கு அரை மணி நேரம் போனது. இப்போது அந்தச் சேவை ஒவ்வொரு திங்களும் "உங்கள் திறப்பு வீதம் 0%" என்று எனக்குக் கவலையோடு மெயில் போடுகிறது. அதன் அடியிலும் அந்தப் புள்ளி இருக்கிறது.