ரே டிரேசிங் ரெண்டருக்கும் ஏஐ உருவாக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒரு ஸ்டுடியோ இரண்டையும் எப்போது சேர்த்துப் பயன்படுத்தலாம்?

நான் செய்வது வீட்டு உட்புறப் படங்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

ரே டிரேசிங்கில் நீங்கள் காட்சியில் வைத்த பொருள்தான் படத்தில் வரும். கேமராவிலிருந்து கிளம்பும் கதிர் சோபாவில் பட்டு, சுவரில் தெறித்து, ஜன்னல் வெளிச்சத்தை எட்டும்வரை கணக்குப் போடுகிறது. ஒரு பிக்சலுக்கு அனுப்பும் கதிர்கள், அதாவது சாம்பிள், போதாவிட்டால் படம் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்த இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும், அதனால்தான் அவ்வளவு நேரம். ஏஐ படம் வரையும் டிஃபியூஷன் மாடலுக்குள் சோபாவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. இப்படிப்பட்ட அறையில் இந்த இடத்தில் வழக்கமாக என்ன தெரியும் என்று கற்றதைக் கொண்டு வரைகிறது. அதன் பிழை இரைச்சலாகத் தெரியாது, அழகாகவே இருக்கும். ஆபத்து அங்கேதான்.

ஒருமுறை ஒரு ஹால் படத்தை முழுசாக டிஃபியூஷனில் ஓட்டினோம், மூலப் படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டீநாய்ஸ் அளவு 0.5. படம் பளிச்சென்று வந்தது. நாலு கதவு ஜன்னல் மூன்று கதவாகியிருந்ததைக் கட்டுநர்தான் கண்டுபிடித்தார். வாங்குபவர் அந்தப் படத்தை நம்பித்தானே முன்பணம் கொடுப்பார்?

அன்றிலிருந்து குறிப்பிட்ட அளவோ தயாரிப்பு மாடல் எண்ணோ உள்ள எந்தப் பொருளையும் ரே டிரேசிங்கிலேயே விடுகிறோம். மனிதர்கள், செடி, திரைச்சீலை மடிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் டிஃபியூஷன். 3டி மனிதர்கள் பெரும்பாலும் பொம்மை மாதிரி இருப்பார்கள். அங்கே இது உண்மையிலேயே கைகொடுக்கிறது.

சோபாவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால், முதலில் ஒரு சாதாரண 3டி உருவத்தை உட்காரவைத்து ரெண்டர் செய்வோம். இதை விட்டுவிடாதீர்கள். குஷன் மேல் விழும் நிழலும் கண்ணாடி மேசையில் தெரியும் பிம்பமும் அப்போதுதான் சரியான கணக்கில் கிடைக்கும். அப்புறம் ஒவ்வொரு பொருளையும் தனியாகப் பிரித்துக் காட்டும் கிரிப்டோமேட் பாஸிலிருந்து அந்த உருவத்துக்கு மட்டும் மாஸ்க் எடுத்து, அந்தப் பகுதியை வெட்டி 1024 பிக்சலுக்குப் பெரிதாக்கி, கேமராவிலிருந்து தூரத்தைக் காட்டும் டெப்த் பாஸைத் துணைக்குக் கொடுத்து, டீநாய்ஸ் 0.4 அளவில் மாற்றி வரையவிடுவோம். பெரிதாக்குவதற்குக் காரணம் உண்டு. ஸ்டேபிள் டிஃபியூஷன் 8x8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. 40 பிக்சல் உயர முகத்துக்கு ஐந்தே கட்டம் என்றால் கண்ணும் வாயும் குழம்பாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் நிறம், வெளிச்சம் முடிவான பிறகே செய்யுங்கள். டிஃபியூஷன் தருவது வழக்கமாக 8 பிட் படம். ரெண்டரின் EXR கோப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல இதில் பிறகு செய்ய முடியாது.

அனுப்பும் முன், டிஃபியூஷனுக்கு முன்பு நிறம், வெளிச்சம் முடித்த ரெண்டரை மேலே வைத்து ஃபோட்டோஷாப்பில் Difference போட்டுப் பாருங்கள். மாஸ்க்குக்கு வெளியே எல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் ஒரு கோடு மின்னினாலும் அந்தப் படத்தை நாங்கள் அனுப்புவதில்லை.